வாடிக்கையாளரை நாடக்கூடாது என்பதும் தொழிலே செய்யக்கூடாது என்பதும்

கேள்வி: ஐயா, கண்டியிலுள்ள ஒரு கம்பனியில் எட்டு வருடமாகத் தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்கள் பழுதுபார்க்கும் வேலை செய்கிறேன். இராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டேன், இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. ஹட்டனில் சொந்தமாக ஒரு சேவை நிலையம் திறக்க நினைக்கிறேன். வேலைக்குச் சேரும்போது ஆங்கிலத்தில் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அதில் 12ஆம் நிபந்தனை, மத்திய, ஊவா, சப்ரகமுவ மாகாணங்களில் இரண்டு வருடத்துக்கு இதே தொழிலைச் செய்யக்கூடாது என்கிறது. 13ஆம் நிபந்தனை, கடைசி 12 மாதத்தில் நான் கையாண்ட வாடிக்கையாளரை ஒரு வருடத்துக்கு நாடவோ தூண்டவோ கூடாது என்கிறது. 14ஆம் நிபந்தனை, கம்பனி ஊழியர்களையும் ஒரு வருடத்துக்கு அப்படி இழுக்கக்கூடாது என்கிறது. என்னோடு வேலை செய்யும் இரண்டு தம்பிமார் என்னுடன் வர ஆசைப்படுகிறார்கள். "நீங்க எங்க போனாலும் உங்களத்தான் கூப்பிடுவோம்" என்று சில டீமேக்கர்மாரும் சொல்கிறார்கள். மீறினால் பணிக்கொடையும் கிடைக்காது, வழக்கும் வரும் என்கிறார் முகாமையாளர். இதெல்லாம் சட்டப்படி செல்லவே செல்லாது என்று யூடியூபில் ஒருவர் பேசுகிறார். எது சரி?
— ஹட்டன் வாசகர்

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

யூடியூபில் நீங்கள் கேட்டது பெரும்பாலும் இந்தியச் சட்டமாக இருக்க வேண்டும். இந்தியாவின் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்படிக்கை அந்த அளவுக்குச் செல்லாது என்று நேரடியாகவே சொல்கிறது. அந்தச் சட்டம் இலங்கையில் இல்லை. தமிழில் கிடைக்கும் சட்ட விளக்கங்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து வருவதால், எமது மக்கள் இதை நம்பி, ஒப்பந்தத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, பிறகு நீதிமன்ற அழைப்பாணையோடு சட்டத்தரணியிடம் வருகிறார்கள். இங்கே ஒப்பந்தங்களுக்கு அடிப்படையாக இருப்பது உரோமன் டச்சுச் சட்டம். தொழிற்றடை பற்றிய வழக்குகளில் ஆங்கிலேயத் தீர்ப்புகளும் எடுத்துக்காட்டப்படுகின்றன. இவற்றின்படி, இத்தகைய நிபந்தனை ஒவ்வொன்றும் நியாயமானதா என்று தனித்தனியே எடைபோடப்படும். ஆகையால் எல்லாமே செல்லாது என்பது பிழை. கையெழுத்திட்டுவிட்டீர்கள், ஆகவே எல்லாமே செல்லும் என்று உங்கள் முகாமையாளர் சொல்வதும் அதே அளவு பிழை. உங்கள் 12ஆம் நிபந்தனை பலவீனமானது, 13ஆம் நிபந்தனை பலமானது, 14ஆம் நிபந்தனை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது என்பது என் அபிப்பிராயம். ஆங்கிலம் விளங்கவில்லை என்ற காரணத்தை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். கையெழுத்து வைத்தவர் அதிலுள்ளதை ஏற்றுக்கொண்டார் என்பதிலிருந்துதான் நீதிமன்றம் ஆரம்பிக்கும்.

முழுத் தொழிற்றடை பற்றிய வழக்கில் நீதிமன்றம் முதலில் கேட்பது, இந்தத் தடையினால் கம்பனி எதைப் பாதுகாக்கிறது என்பதே. ஒரு முதலாளி பாதுகாக்க உரிமையுள்ளவையாக நெடுங்காலமாக ஏற்கப்பட்டவை இரண்டு: ஒன்று வியாபார இரகசியம், மற்றது வாடிக்கையாளரோடு உள்ள தொடர்பு. போட்டியே இல்லாமல் இருக்க வேண்டும் என்ற ஆசை அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் தொழிலுக்கு மிக அருகில் வரும் தீர்ப்பு, இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1916இல் ஹெர்பர்ட் மொரிஸ் கம்பனிக்கும் சக்ஸெல்பி என்ற பொறியியலாளருக்கும் இடையிலான வழக்கில் வழங்கியது. பாரந்தூக்கி இயந்திரங்கள் செய்யும் அந்தக் கம்பனி, அவர் விலகியபின் ஏழு வருடங்களுக்கு பிரித்தானியா, அயர்லாந்து எங்கும் அதே தொழிலைச் செய்யக்கூடாது என்று எழுதி வாங்கியிருந்தது. அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பாயிற்று. வேலை செய்து செய்து ஒருவர் கையிலும் மூளையிலும் ஏறிய திறமை அவருடையது. அதை அவருக்குச் சொல்லிக் கொடுத்தது முதலாளியாகவே இருந்தாலும், விலகிப் போகும்போது அதை விட்டுவிட்டுப் போகச் சொல்ல முடியாது என்பதே அதன் சாரம்.

இதை உங்கள் நிலைமைக்குப் பொருத்திப் பாருங்கள். ரோலரின் சத்தத்தைக் கேட்டே எந்தப் பெயாரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்வதும், ட்ரையரில் சூடு ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைவது ஏன் என்று கண்டுபிடிப்பதும், வாட்டுத் தொட்டியின் விசிறியைச் சரிசெய்வதும் உங்கள் திறமை. இவற்றைக் கம்பனி தன் இரகசியம் என்று சொல்ல இயலாது. அடுத்தது பரப்பு. மத்திய, ஊவா, சப்ரகமுவ ஆகிய மூன்று மாகாணங்களையும் மூடிவிட்டால், மலைநாட்டுத் தேயிலை முழுவதும் இரத்தினபுரி, கேகாலைப் பக்கமும் மூடப்பட்டுவிடுகிறது. உங்களுக்கு மிஞ்சுவது காலி, மாத்தறைப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலைதான். ஹட்டனில் குடும்பம் வைத்திருக்கும் ஒருவரை இரண்டு வருடங்களுக்கு அங்கே போய்ப் பிழைக்கச் சொல்வதற்கு ஒப்பான நிபந்தனை இது. அதுவும், நீங்கள் ஒரு நாளும் கால் வைக்காத தொழிற்சாலைகளிலும், கம்பனிக்கு வாடிக்கையாளராகவே இல்லாத தொழிற்சாலைகளிலும் வேலை செய்வதை அது தடுக்கிறது. அங்கெல்லாம் பாதுகாக்கக் கம்பனிக்கு எந்தத் தொடர்பும் இல்லை. 1913இல், வீடு வீடாகப் போய் வாடிக்கையாளர் சேர்க்கும் ஒரு விற்பனையாளருக்கு இலண்டனிலிருந்து 25 மைல் சுற்றளவுக்கு மூன்று வருடத் தடை போட்டிருந்ததை, அவர் வேலை செய்த சிறு பகுதியைவிடப் பரப்பு எவ்வளவோ பெரிது என்ற காரணத்தால் பிரபுக்கள் சபை ஏற்க மறுத்தது. உங்கள் நிபந்தனைக்கு எதிராகவும் அதே வாதம் எழுகிறது.

இன்னொன்றும் உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. அளவுக்கு மீறி எழுதப்பட்ட தடையை எடுத்து, மூன்று மாகாணத்தை ஒரு மாவட்டமாகவும் இரண்டு வருடத்தை ஆறு மாதமாகவும் குறைத்து எழுதிக் கொடுப்பது நீதிமன்றத்தின் வேலை அல்ல என்பது அந்தத் தீர்ப்புகளின் போக்கு. தனியே நிற்கும் சொற்களை வெட்டி நீக்கிவிட்டு மீதியைக் காப்பாற்றலாமே தவிர, புதிதாக எழுதிச் சேர்க்க மாட்டார்கள். ஆகவே பேராசைப்பட்டு எழுதிய கம்பனி சில வேளைகளில் முழுவதையும் இழக்கிறது. ஆனால் இந்தக் கடுமை ஊழியரின் ஒப்பந்தத்துக்குரியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நடந்துகொண்டிருக்கும் ஒரு வியாபாரத்தை நல்ல விலைக்கு விற்றவர், அதே ஊரில் அதே தொழிலைத் தொடங்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால், அந்த முழுத் தடையை நீதிமன்றம் மிக இலகுவாக ஏற்கும். ஏனெனில் வாங்கியவர் பணம் கொடுத்தது அந்தப் பெயருக்கும் வாடிக்கைக்கும்தான். நீங்கள் எதையும் விற்கவில்லை.

இனி 13ஆம் நிபந்தனை. இதைப் படித்தவுடன் உங்களுக்கு வந்த கோபம் எனக்கு விளங்குகிறது, ஆயினும் இது நியாயமான நிபந்தனை என்றே நான் கருதுகிறேன். இது உங்களைத் தொழில் செய்ய விடுகிறது, ஹட்டனில் கடை திறக்க விடுகிறது, தெரியாத தொழிற்சாலைகளைத் தேடிப் போகவும் விடுகிறது. ஒன்றை மட்டும் கேட்கிறது: கம்பனியின் வாகனத்தில், கம்பனியின் சம்பளத்தில், கம்பனியின் பெயரைச் சொல்லி நீங்கள் பழகிக்கொண்ட தொழிற்சாலைகளை, அந்தப் பழக்கம் ஆறும்வரை ஒரு வருடத்துக்கு நீங்களாகப் போய் அழைக்க வேண்டாம். காலம் 12 மாதம். ஆட்கள் கடைசி 12 மாதத்தில் நீங்கள் நேரில் கையாண்டவர்கள். தடுக்கப்படும் செயல் அழைப்பது. மூன்று பக்கமும் எல்லை போட்டிருக்கிறார்கள். 1970இல் ஆங்கிலேய மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த ஒரு பால்காரர் வழக்கில், கடைசி ஆறு மாதத்தில் தான் பால் ஊற்றிய வீடுகளுக்கு ஒரு வருடம் பால் விற்கக்கூடாது என்ற நிபந்தனை செல்லுபடியாகும் என்று தீர்ப்பாயிற்று. தினமும் வாசலுக்கு வருபவரின் முகத்தைத்தான் வீட்டுக்காரர் அறிவார், கம்பனியின் முகத்தை அல்ல என்பதே அங்கே முக்கியமாயிற்று. உங்கள் டீமேக்கர்மார் உங்களிடம் சொன்ன அந்த ஒரு வரி, கம்பனி எதைப் பாதுகாக்க நினைக்கிறது என்பதற்கு நல்ல சான்று.

ஆனால் பால்காரர் ஒப்பந்தத்துக்கும் உங்களுடையதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. உங்கள் எதிர்காலம் பெரிதும் அதில்தான் தங்கியிருக்கிறது. அவர் விற்கவே கூடாது என்று இருந்தது. நீங்கள் எழுதியபடி பார்த்தால், உங்கள் ஒப்பந்தத்தில் நாடவோ தூண்டவோ கூடாது என்று மட்டுமே இருக்கிறது. வாடிக்கையாளர் தானாக வந்தாலும் வேலையை ஏற்கக்கூடாது என்று தனியாக எழுதும் வழக்கமும் உண்டு. அது இருந்தால் யார் முதலில் பேசினார் என்ற கேள்விக்கே இடமில்லை. தொழிற்சாலை கெஞ்சிக் கேட்டாலும் நீங்கள் மறுக்க வேண்டும். ஆகவே மூலப் பிரதியை எடுத்து, 13ஆம் நிபந்தனையின் கடைசி வரிவரை, ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவரோடு இருந்து வாசியுங்கள். வேலையை ஏற்பது, சேவை வழங்குவது, கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்வது என்ற பொருளில் ஏதாவது இருந்தால், கீழே நான் சொல்வதில் முதலாவது தொழிற்சாலை பற்றிய பகுதி உங்களுக்குப் பொருந்தாது.

அப்படி எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டு, நான்கு தொழிற்சாலைகளை எடுத்துப் பார்ப்போம். முதலாவது பொகவந்தலாவையில் உள்ளது. மாதம் ஒரு தடவை நீங்களே போய் வந்த இடம். அங்கே நீங்கள் அழைத்துப் பேசினால் அது மீறல், சந்தேகமில்லை. விலகிய பிறகு அவர்களே உங்கள் எண்ணைத் தேடிப் பிடித்து, ட்ரையர் நின்றுவிட்டது, வரமுடியுமா என்று கேட்டால், போய்ச் செய்யலாம். ஆனால் அந்த அழைப்பைப் பிடித்துக்கொண்டு, "ரோலர் நான்கையும் வருட ஒப்பந்தத்துக்கு எடுக்கிறேன், கம்பனியைவிடக் குறைத்துத் தருகிறேன்" என்று நீங்கள் விலைமனு நீட்டினால், அவர்கள் தொடங்கிய பேச்சு உங்கள் தூண்டுதலாக மாறிவிடுகிறது. கேட்டதற்குப் பதில் சொல்வதும், கேட்காததை விற்க முயல்வதும் ஒன்றல்ல. இந்த இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள்.

இரண்டாவது தலவாக்கலையில், கம்பனியின் பழைய வாடிக்கையாளர்தான், ஆனால் அங்கே எப்போதும் வேறொரு தொழில்நுட்பவியலாளர் போய்வந்தார், உங்களுக்கு அங்கே யாரையும் தெரியாது. உங்கள் நிபந்தனை நீங்கள் கையாண்டவர்களோடு நிற்பதால் இது அதற்குள் வராது. தொலைபேசியில்கூட நீங்கள் அவர்களுக்கு ஆலோசனை சொன்னதில்லையா, அவர்களுக்கான உதிரிப்பாகத்தை நீங்கள் அனுப்பிவைத்ததில்லையா என்று மட்டும் நினைவுபடுத்திப் பாருங்கள். கையாள்வது என்றால் நேரில் போவது மட்டுமல்ல. மூன்றாவது இராகலைப் பக்கம் கம்பனியோடு ஒருபோதும் தொடர்பில்லாத ஒரு தனியார் தொழிற்சாலை. தாராளமாகப் போய்க் கதவைத் தட்டலாம். 12ஆம் நிபந்தனை மட்டுமே குறுக்கே நிற்கும், அதன் பலவீனத்தை மேலே சொன்னேன். நான்காவது மஸ்கெலியாவில், மூன்று வருடத்துக்கு முன்பு கம்பனியை விட்டுப் போனவர்கள். கடைசி 12 மாதக் கணக்கில் அவர்கள் வரமாட்டார்கள்.

எமது மலைநாட்டுக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. தனியார் தொழிற்சாலையில் முதலாளியே இயந்திரத்தையும் பார்ப்பார், காசோலையையும் எழுதுவார். ஆனால் 1992இல் தோட்டங்கள் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்ட பிறகு, பல தோட்டங்களின் தொழிற்சாலைகள் ஒரே கம்பனியின் கீழ் இருக்கின்றன. பழுதுபார்க்க அழைப்பது தோட்டத்து டீமேக்கர் அல்லது தோட்டத் துரை. வருட ஒப்பந்தத்தை அங்கீகரிப்பதும் பணம் செலுத்துவதும் பெரும்பாலும் கொழும்புத் தலைமையகம். நீங்கள் டிக்கோயாவில் ஒரு தொழிற்சாலையைக் கையாண்டிருந்தால், அதே பெருந்தோட்டக் கம்பனிக்குச் சொந்தமான பண்டாரவளைத் தொழிற்சாலையும் நீங்கள் கையாண்ட வாடிக்கையாளர்தானா? ஒப்பந்தத்தில் வாடிக்கையாளர் என்பதற்கு வரைவிலக்கணம் இருந்தால் அதுவே முடிவு. இல்லாவிட்டால் விலைப்பட்டியல் யார் பெயரில் போனது, ஒவ்வொரு தோட்டத்துக்கும் தனிக் கணக்கு இருந்ததா, தீர்மானம் எடுத்தவரோடு நீங்கள் பேசியிருக்கிறீர்களா என்பவை பார்க்கப்படும். பண்டாரவளை டீமேக்கரோடு பேசுவதை என்னால் நியாயப்படுத்தி வாதாட முடியும். நீங்கள் முன்பு பேசிப் பழகிய தலைமையகப் பொறியியலாளருக்கு அந்தத் தொழிற்சாலைக்காகக் கடிதம் எழுதினால் வாதாடுவது கடினம். சந்தேகமான இடத்தில் ஒரு வருடம் பொறுத்திருப்பது நல்லது.

விளம்பரம் பற்றியும் ஒரு வார்த்தை. ஹட்டன் நகரில் பெயர்ப்பலகை வைப்பதும், பத்திரிகையில் அறிவித்தல் போடுவதும், உங்கள் நிலையத்தின் பெயரில் பேஸ்புக் பக்கம் திறப்பதும் எல்லோருக்கும் பொதுவானவை. சாதாரணமாக இவற்றை யாரையும் நாடுவதாகக் கொள்ள மாட்டார்கள். அதே அறிவித்தலைப் படம் பிடித்து, உங்கள் கைப்பேசியில் இருக்கும் பதினைந்து டீமேக்கர்மாருக்கும் வட்ஸ்அப்பில் அனுப்பினால், அது பதினைந்து பேருக்குத் தனித்தனியே எழுதிய கடிதமாகிறது. மனைவியின் எண்ணிலிருந்தோ தம்பியின் எண்ணிலிருந்தோ அனுப்பினாலும் நிலைமை மாறாது. நேரடியாகவோ மறைமுகமாகவோ என்ற சொற்கள் இத்தகைய ஒப்பந்தங்களில் வழக்கமாக இருக்கும். திறப்பு விழா அழைப்பிதழும் அப்படியே. இத்தகைய வழக்குகளில் கம்பனிக்கு மிக எளிதாகக் கிடைக்கும் சான்று, யாராவது ஒரு தொழிற்சாலைக்காரர் நல்லெண்ணத்தில் பழைய முகாமையாளருக்குக் காட்டிவிடும் இந்த வட்ஸ்அப் செய்திதான்.

இப்போது உங்களுக்கு மீதியிருக்கும் ஒரு மாதம், எல்லாவற்றையும்விட ஆபத்தானது. விலகும் நாள்வரை நீங்கள் கம்பனியின் ஊழியர். எந்த நிபந்தனையும் எழுதப்படாவிட்டாலும், சம்பளம் வாங்கும் காலத்தில் முதலாளிக்கு விசுவாசமாக இருக்க வேண்டியது சட்டப்படியான கடமை. கடை வாடகைக்குப் பார்ப்பது, வியாபாரப் பெயரைப் பதிவு செய்வது, கருவி வாங்குவது ஆகியவற்றை உங்கள் சொந்த நேரத்தில் செய்யலாம். ஆனால் இந்த மாதத்தில் ஒரு டீமேக்கரிடமும், அடுத்த மாதம் என்னிடம் வாருங்கள் என்று சொல்லிவிடாதீர்கள். அவர் கேட்டால், விலகுகிறேன் என்ற உண்மையை மட்டும் சொல்லுங்கள்.

பழுதுபார்க்கப் போகும் எல்லோரிடமும் இருப்பதுபோல உங்களிடமும் ஒரு குறிப்புப் புத்தகம் இருக்கும் என்று நினைக்கிறேன். எந்தத் தொழிற்சாலையில் எந்த இயந்திரம், தொடர் இலக்கம் என்ன, பெல்ட் அளவு என்ன, பெயாரிங் எப்போது மாற்றினோம், அடுத்தது எப்போது வரும், கடைசியாக என்ன விலை போட்டோம் என்று எழுதியிருப்பீர்கள். அந்தப் புத்தகத்தைக் கம்பனியிடம் ஒப்படையுங்கள். பக்கங்களைக் கைப்பேசியில் படம் எடுக்க வேண்டாம். 1895இல் ரொப் என்பவருக்கும் கிரீன் என்பவருக்கும் நடந்த வழக்கில், வேலையில் இருக்கும்போதே வாடிக்கையாளர் பட்டியலைத் தனக்காகப் படியெடுத்துக்கொண்ட முகாமையாளர், ஒப்பந்தத்தில் தடை எதுவும் எழுதப்படாத நிலையிலும் பொறுப்பாளியாக்கப்பட்டார். இயல்பாக நினைவில் நிற்பது உங்களுடையது. எழுதி எடுத்துக்கொண்டு போவது அப்படியல்ல. எமது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 160ஆம் பிரிவும் வெளிப்படுத்தப்படாத வியாபாரத் தகவலை நேர்மையற்ற போட்டிக்குப் பயன்படுத்துவதைக் கையாளுகிறது. அந்தப் பிரிவை நம்பிக் கம்பனி வந்தால், 13ஆம் நிபந்தனையின் ஒரு வருடக் கெடு உங்களுக்குத் துணை செய்யாது.

தம்பிமார் இருவர் பற்றிய 14ஆம் நிபந்தனையில் சட்டம் அவ்வளவு உறுதியாக இல்லை. ஊழியர் ஒருவர் பொருளல்ல, கம்பனியின் சொத்தும் அல்ல. அவருக்கு எங்கே வேலை செய்ய விருப்பமோ அங்கே போகலாம். ஆயினும், பயிற்றப்பட்ட தொழிலாளர் குழுவை நிலையாக வைத்திருப்பதும் பாதுகாக்கத் தக்க நலனே என்று 1990களின் ஆங்கிலேயத் தீர்ப்புகள் சிலவற்றில் ஏற்கப்பட்டிருக்கிறது. கணக்கெழுதுபவர் முதல் காவலாளிவரை எந்த ஊழியரையும் என்று எழுதியிருந்தால் அது அகலமானது என்று எதிர்க்கலாம். உங்களோடு வேலை செய்த தேர்ந்த தொழில்நுட்பவியலாளர் என்று மட்டும் இருந்தால் நிற்கக்கூடும். இங்கேயும் யார் தொடங்கினார் என்பதுதான் கேள்வி. நீங்கள் போன பிறகு அவர்களாக விண்ணப்பித்தால், உங்கள் நிபந்தனை இழுப்பதை மட்டும் தடுப்பதாயின், வேலை கொடுக்கலாம். ஆனால் மூன்று பேரும் இப்போதே ஒன்றாக உட்கார்ந்து சம்பளம் பேசி, நீங்கள் போன மறுவாரம் இருவரும் ஒரே நாளில் கடிதம் கொடுத்தால், அவர்களாக வந்தார்கள் என்று எந்த நீதிபதியும் நம்பமாட்டார். அவர்களுக்கும் முன்னறிவித்தல் காலம் உண்டு. அதை முடிக்காமல் வரச் சொன்னால், பிறரின் ஒப்பந்தத்தை மீறத் தூண்டியதற்காக உங்கள் மீது தனியாகவும் நட்டஈடு கேட்கலாம். அவர்களுடைய ஒப்பந்தத்திலும் 12, 13ஆம் நிபந்தனைகளைப் போன்றவை இருக்கின்றனவா என்பதை அவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். என்னைக் கேட்டால், முதல் வருடத்துக்கு வேறு ஆட்களைப் பழக்கி எடுங்கள் என்றே சொல்வேன். வாடிக்கையாளர் தானாக வந்தார் என்று நீங்கள் சொல்வதை நீதிமன்றம் நம்ப வேண்டுமானால், ஆட்களும் தானாக வந்தார்கள் என்ற நம்புவதற்குக் கடினமான கதை பக்கத்தில் இருக்கக்கூடாது.

பணிக்கொடை பற்றி முகாமையாளர் சொன்னது வெறும் பயமுறுத்தல். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்த நிறுவனத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை உரித்தாகும். மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு முழு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம் என்று கணக்கு; எட்டு வருடத்துக்கு நான்கு மாதச் சம்பளம். விலகி 30 நாட்களுக்குள் அதைச் செலுத்த வேண்டும். மோசடி, பணக் கையாடல், வேண்டுமென்றே சொத்துக்குச் சேதம் விளைவித்தல், பொருட்களை இழக்கச் செய்தல் ஆகிய காரணங்களுக்காக வேலை நீக்கப்பட்டவருக்கே, அதுவும் ஏற்பட்ட நட்டத்தின் அளவுக்கே, பணிக்கொடை இழக்கப்படும். இராஜினாமாச் செய்த ஒருவர் எதிர்காலத்தில் போட்டிக் கடை போடக்கூடும் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. தர மறுத்தால் தொழில் திணைக்களத்தில் முறையிடுங்கள். ஊழியர் சேமலாப நிதியைத் தடுத்து வைக்கும் அதிகாரமும் அவர்களுக்கு இல்லை.

வழக்கு வரும் என்பது மட்டும் வெறும் பயமுறுத்தல் அல்ல. இப்படிப்பட்ட விடயத்தில் கம்பனி முதலில் தேடுவது நட்டஈட்டை அல்ல, தடையுத்தரவை. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின்படி, தாமதித்தால் நோக்கமே கெட்டுவிடும் என்று காட்டினால், உங்களைக் கேட்பதற்கு முன்பே முதலில் 14 நாட்கள்வரை தடுக்கும் கட்டளை ஒன்றை நீதிமன்றம் தரலாம். அதைத் தவணை தவணையாக நீடிக்கவும் முடியும். 12ஆம் நிபந்தனை இறுதியில் தோற்றாலும், புதிதாகத் திறந்த கடை அந்த வாரங்களைத் தாங்குமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். அந்தக் கட்டத்தில் நீதிபதி பார்ப்பது கம்பனியின் சத்தியக்கடதாசியோடு இணைக்கப்பட்ட ஆவணங்களை. அவற்றில் உங்கள் வட்ஸ்அப் செய்தியோ படம் பிடித்த பக்கமோ இருந்தால், பலவீனமான 12ஆம் நிபந்தனைகூடப் பலமாகத் தோன்றும். எதுவும் இல்லாவிட்டால், ஒருவர் தன் தொழிலைச் செய்வதைத் தடுக்கும்படி கேட்கும் வெறும் காகிதமாகவே அது இருக்கும்.

ஆகவே கடைசி நாளுக்கு முன்பே கம்பனிக்கு ஒரு கடிதம் கொடுக்கும்படி ஆலோசனை கூறுகிறேன். நீங்கள் கடைசி 12 மாதத்தில் கையாண்ட தொழிற்சாலைகளைப் பெயர் சொல்லி எழுதி, அவர்களை ஒரு வருடத்துக்கு நீங்களாக நாடப்போவதில்லை என்றும், ஊழியர்களையும் அழைக்கப்போவதில்லை என்றும், கம்பனியின் ஆவணம், கைப்பேசி, கருவி எதுவும் உங்களிடம் இல்லை என்றும் உறுதி கூறுங்கள். அடுத்த பந்தியில், ஹட்டனில் சேவை நிலையம் திறக்கவிருப்பதை வெளிப்படையாகச் சொல்லி, 12ஆம் நிபந்தனையை வலியுறுத்துவதில்லை என்று எழுத்தில் உறுதிப்படுத்தும்படி கேளுங்கள். 12ஆம் நிபந்தனையை ஏற்றுக்கொள்கிறேன் என்று படக்கூடிய ஒரு சொல்லும் கடிதத்தில் இருக்கக்கூடாது. அதனால் அனுப்புமுன் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். உண்மையில் காப்பாற்ற வேண்டியதைக் காப்பாற்றிக்கொண்ட கம்பனி, தோற்கக்கூடிய நிபந்தனைக்காக வழக்குச் செலவு செய்ய யோசிக்கும். அவர்கள் பதிலே எழுதாவிட்டாலும், பின்னர் தடையுத்தரவு கேட்டு வரும்போது, முன்கூட்டியே அறிந்திருந்தும் ஏன் பேசாமல் இருந்தார்கள் என்று கேட்க அந்தக் கடிதம் உதவும். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டையும் பிரதியையும் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு கடையில் ஒரு அழைப்புப் பதிவேடு வையுங்கள்: திகதி, நேரம், அழைத்தவர் யார், எந்த எண்ணிலிருந்து, என்ன கேட்டார். பழைய வாடிக்கையாளர் யாராவது அழைத்தால், வேலைக்குப் போகுமுன் அவர்களிடமிருந்தே ஒரு வரி மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வருடம் என்பது நீங்கள் கடிதம் கொடுத்த நாளிலிருந்து அல்ல, வேலையை விட்ட நாளிலிருந்தே எண்ணப்படும் என்பது வழக்கம். உங்கள் ஒப்பந்தத்தில் வேறு விதமாக இருக்கிறதா என்று பார்த்து, முடியும் திகதியைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். அந்தத் திகதிக்கு மறுநாள் பொகவந்தலாவைக்கு நீங்களே போய்ப் பேசலாம்.